ஒரு சொட்டு என்பது எத்தனை மி.லி.? கண் மருந்து பாதியில் தீராமல் இருக்க ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டு ஊர். போன வாரம் மக்காச்சோளம் ஒடிக்கப் போன இடத்தில் காய்ந்த தோகை கண்ணில் கீறிவிட்டது ஒரு அம்மாவுக்கு. கருவிழியில் பூஞ்சைப் புண் என்று சொல்லி, மணிக்கு ஒரு சொட்டு போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மகன் சென்னையில் வேலையில் இருக்கிறார். போனில் கேட்கிறார்: "யம்மா, மருந்து இன்னும் எவ்வளவு இருக்கு?"

"தெரியலயே ராசா... காலையில போட்டேன். இப்ப அமுக்கினா காத்துதான் வருது."

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் ஏன் ஞாயிற்றுக்கிழமை, ஏன் 9 மணி என்பது கற்பனை அல்ல. மருந்துச்சீட்டையும் பாட்டிலின் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால், திங்கட்கிழமை காலையிலேயே இந்த நேரத்தைச் சொல்லியிருக்க முடியும்.

சீட்டில் இருப்பது சொட்டுக் கணக்கு. மெடிக்கலில் கிடைப்பது மி.லி. கணக்கு. இரண்டையும் இணைக்கும் எண் சீட்டிலும் இருக்காது, பாட்டிலிலும் பெரும்பாலும் இருக்காது. அதனால் பலரும் ஒரு பாட்டில் வாங்குகிறார்கள், தீர்ந்த பிறகு அடுத்ததைத் தேடுகிறார்கள். சாதாரணக் கண் எரிச்சலுக்கு இது பெரிய பாதகமில்லை. கருவிழிப் புண்ணுக்கு அப்படியல்ல. மணிக்கு ஒரு தடவை போட வேண்டிய மருந்து ஒரு பகல் முழுக்க நின்றுபோனால், அந்தப் பகல் பூஞ்சைக்குப் போய்ச் சேரும்.

<b>கரிசல் காட்டில் இது ஏன் அடிக்கடி வரும் கணக்கு?</b>

கம்பு, சோளம், மக்காச்சோளம், உளுந்து, பருத்தி விளையும் பூமி இது. அறுப்பிலும் அடிப்பிலும் உமி, தோகை, மண் எல்லாம் கண்ணில் விழும். பூஞ்சை இருப்பது அந்தத் தோகையிலும் மண்ணிலும்தான். கருவிழியில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் அதற்கு வழி கிடைத்துவிடுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதற்கு முன் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. (அந்த மருத்துவமனையை 1976-ல் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி பிறந்ததும் இதே வட்டாரத்தில்தான், எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்தில்.)

பூஞ்சைப் புண்ணுக்கு முதலில் எழுதப்படும் மருந்து நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்து. இதையும் வோரிகொனசோல் என்ற இன்னொரு மருந்தையும் ஒப்பிட்டு, அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2013-ல் வெளியான அதன் முடிவில் நாட்டமைசின்தான் மேல் என்று தெரிந்தது. கருவிழி ஓட்டையாவதும், மாற்றுக் கருவிழி வைக்க வேண்டிய நிலைமையும் அந்த மருந்து போட்டவர்களுக்குக் குறைவு. அந்த ஆய்வில் மருந்து கொடுக்கப்பட்ட முறை இது: விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு சொட்டு வீதம் முதல் ஒரு வாரம், அதன் பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு சொட்டு வீதம், மூன்றாவது வாரம் முடியும் வரை. நோயாளியைப் பொறுத்து டாக்டர் இதைக் கூட்டுவார், குறைப்பார். நம் கணக்குக்கு இந்த முறையையே எடுத்துக்கொள்வோம்.

<b>"1 மி.லி. = 20 சொட்டு": இது எங்கிருந்து வந்தது?</b>

கூகுளில் தேடினால் முதலில் வரும் விடை இதுதான்: 1 மி.லி. என்றால் 20 சொட்டு, அதாவது ஒரு சொட்டு 0.05 மி.லி. இது பொய்யல்ல. ஆனால் இது தண்ணீருக்கும், குறிப்பிட்ட அளவில் செய்த ஒரு கண்ணாடிச் சொட்டுக்குழாய்க்கும் மருந்தியல் நூல்கள் வகுத்த கணக்கு. குளுக்கோஸ் ஏற்றும் சாதாரண டிரிப் செட்டிலும் பெரும்பாலும் 20 சொட்டுதான் 1 மி.லி. நர்ஸுகள் மனப்பாடமாக வைத்திருப்பதும் அதனால்தான். குழந்தைகளுக்கான மைக்ரோ டிரிப் செட்டில் அதே 1 மி.லி. 60 சொட்டாகிவிடும். சொட்டு என்பது ஓர் அளவே அல்ல, அது விழும் முனையைப் பொறுத்தது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

கண் மருந்து பாட்டில்களில் முனையின் துவாரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்தின் தன்மையும் மாறும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் சில பொருட்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும்; அப்போது சொட்டு பெரிதாகும் முன்பே அறுந்து விழும். பாட்டிலை நேர் தலைகீழாகப் பிடித்தால் பொதுவாகச் சொட்டு பெரிதாக விழும், சாய்த்துப் பிடித்தால் சிறிதாக விழும். இதெல்லாம் சேர்ந்து, கடையில் கிடைக்கும் கண் மருந்துகளில் ஒரு சொட்டு சுமார் 0.025 மி.லி.யிலிருந்து 0.07 மி.லி. வரை இருக்கலாம். பெரும்பாலானவை 0.03-க்கும் 0.05-க்கும் நடுவே வரும். அதாவது 1 மி.லி.க்கு 20 முதல் 33 சொட்டு.

இதில் ஒரு சௌகரியமும் உண்டு. "20" என்பது பெரிய சொட்டுக்கான கணக்கு. எனவே அதை வைத்துப் போட்டால் தேவை கொஞ்சம் கூடுதலாகவே வரும். பெரும்பாலும் மருந்து பற்றாமல் போகாது. எத்தனை பாட்டில் வாங்குவது என்ற கேள்விக்கு 20-ஐ எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. இந்த பாட்டில் எத்தனை நாள் ஓடும் என்ற கேள்விக்குத்தான் அது சரியாக விடை தராது.

<b>அந்த அம்மாவின் சீட்டுக்குக் கணக்கு போடுவோம்</b>

முதலில் சொட்டுகளை எண்ண வேண்டும். காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரை மணிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 16 சொட்டு. (6-லிருந்து 9 வரை 15 மணி நேரம்தானே என்று 15 போடக் கூடாது. 6 மணிச் சொட்டும் சேரும், 9 மணிச் சொட்டும் சேரும்.) 7 நாளைக்கு 112. அதன் பிறகு 2 மணிக்கு ஒரு தடவை, காலை 6-லிருந்து இரவு 8 வரை என்றால் நாளைக்கு 8 சொட்டு. 14 நாளைக்கு அதுவும் 112. மொத்தம் 224 சொட்டு, ஒரு கண்ணுக்கு. இரண்டு கண்ணுக்கும் எழுதியிருந்தால் இதை இரட்டிப்பாக்க வேண்டும். அவசரத்தில் மறக்கும் இடம் இதுதான்.

இனி மி.லி. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால் 224-ஐ 20-ஆல் வகுக்க 11.2 மி.லி. வாங்கியது 5 மி.லி. பாட்டில் என்றால் மூன்று பாட்டில் வேண்டும். 30 சொட்டு என்றால் ஏறக்குறைய 7.5 மி.லி., இரண்டு பாட்டில் போதும். ஒரே சீட்டு, ஒரே மருந்து. சொட்டின் அளவு மாறினால் ஒரு பாட்டில் வித்தியாசம்.

முதல் பாட்டில் எப்போது தீரும்? 20 என்றால் 5 மி.லி.யில் 100 சொட்டு. ஆறு நாளில் 96 போய்விடும். மிச்சம் 4. ஏழாம் நாள் காலை 6, 7, 8, 9 மணிக்கு நாலும் தீரும். திங்கட்கிழமை தொடங்கியிருந்தால் ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த 9 மணி இப்படித்தான் வந்தது. அதே பாட்டில் 30 சொட்டுக் கணக்கில் விழுந்தால் 150 சொட்டு. முதல் வாரத்து 112 போக 38 மிச்சம். அது பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஓடும். கையில் இருப்பது 3 மி.லி. பாட்டில் என்றால் 20 கணக்கில் 60 சொட்டுதான், நாலாம் நாளே காலி. எனவே பெட்டியில் எத்தனை மி.லி. என்று படித்துவிட்டு வாங்க வேண்டும். இந்த மருந்து எல்லாத் தெரு மெடிக்கலிலும் கைவசம் இருப்பதில்லை. ஆன்லைனில் போட்டாலும் கிராமத்துக்கு வந்து சேர நாளாகும்.

இன்னொன்று. சில நேரம் முதல் இரண்டு நாள் ராத்திரியும் விடாமல் மணிக்கு ஒரு சொட்டு போடச் சொல்வார்கள். அப்போது நாளைக்கு 24. "மணிக்கு ஒண்ணுன்னா ராத்திரியுமா டாக்டர்?" என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

<b>கன்னத்தில் வழிவதும் கணக்கில் சேரும்</b>

மேலே சொன்னது எல்லாம் ஒரு தடவைக்கு ஒரு சொட்டுதான் செலவாகும் என்று வைத்துப் போட்டது. வீட்டில் அப்படி நடப்பதில்லை. முதல் சொட்டு இமையில் விழும், இரண்டாவது கன்னத்தில், மூன்றாவதுதான் கண்ணில். வயதானவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும்போது கை நடுங்கும். ஒவ்வொரு தடவையும் ஒன்றுக்கு இரண்டாகப் போனால் 224 என்பது 448 ஆகிவிடும். சொட்டு 0.04 மி.லி. என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 18 மி.லி., நாலு பாட்டில்.

கண்ணுக்குள்ளே போனதும் முழுக்க அங்கே தங்குவதில்லை. நம் கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 0.007 மி.லி. கீழ் இமையை இழுத்துப் பிடித்தால் தெரியும் அந்தச் சின்னப் பை அதிகபட்சம் 0.03 மி.லி. அளவுக்குத்தான் தாங்கும். ஒரு சொட்டே அதை நிரப்பி வழியவிடப் போதுமானது. எனவே "எதுக்கும் ரெண்டு சொட்டா போட்டுக்குவோம்" என்பதால் மருந்து கூடுதலாக வேலை செய்யாது, பாட்டில்தான் பாதி நாளில் தீரும். சொட்டு கண்ணில் விழவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று போடலாம். சீட்டில் இரண்டு மருந்து இருந்தால் நடுவே 5 நிமிடமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பின்னால் போட்டது முன்னால் போட்டதைக் கழுவிவிடும்.

<b>உங்கள் பாட்டிலின் உண்மையான கணக்கு: தராசு வழி</b>

சொட்டின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், வீணாவது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டையும் ஒன்றாக அளந்துவிட ஒரு எளிய வழி இருக்கிறது. சிரிஞ்சில் சொட்டிப் பார்ப்பது இதில் சேராது. 20, 30 சொட்டு மருந்து வீணாகும், வெளியே எடுத்ததைத் திரும்ப பாட்டிலில் விடவும் கூடாது.

பாட்டிலை எடை போட்டால் போதும். சாதாரண சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது, அது உதவாது. 0.01 கிராம் வரை காட்டும் கையடக்க டிஜிட்டல் தராசு வேண்டும். சிலர் காபித் தூள் நிறுக்க வாங்கி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் தெரிந்த நகைப் பட்டறையில் கேட்கலாம். முதல் நாள் காலை, முதல் சொட்டுக்கு முன், மூடியோடு பாட்டிலை நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு கடைசிச் சொட்டு போட்டபின் அதே மூடியோடு மறுபடி நிறுங்கள்.

காலையில் 10.42 கிராம், இரவில் 9.54 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் போனது 0.88 கிராம். இந்த மருந்துகள் பெரும்பாலும் தண்ணீர்தான், எனவே 1 கிராமை 1 மி.லி. என்று எடுத்தால் நம் கணக்குக்குப் பாதகமில்லை. 16 தடவைக்கு 0.88 மி.லி. என்றால் தடவைக்கு 0.055 மி.லி. கண்ணில் விழுந்தது, கன்னத்தில் வழிந்தது எல்லாம் இதில் அடக்கம். 224 தடவைக்கு 12.3 மி.லி. ஆக 5 மி.லி. பாட்டில் மூன்று. முதல் பாட்டில் 90 தடவைக்குத்தான் வரும். ஆறாம் நாள் பகலிலேயே தீர்ந்துவிடும். அடியில் ஒட்டிக்கொள்ளும் சில சொட்டு எப்படியும் வெளியே வராது. ஐந்தாம் நாளே அடுத்த பாட்டில் வீட்டில் இருக்க வேண்டும் என்பது முதல் நாள் இரவே தெரிந்துவிட்டது.

இந்த எடை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். நாளைக்கு 16 சொட்டு போட வேண்டியவரின் பாட்டில் ஒரு நாளில் 0.2 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால், மருந்து விடுபடுகிறது. "போட்டேனே ய்யா" என்று அம்மா சொல்லலாம், மத்தியானம் தூங்கியிருப்பார். நாளைக்கு 1.8 கிராம் குறைந்தால், போடும் விதத்தில் கோளாறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது போட்டுவிட்டால் அடுத்த நாளே எண் இறங்கும்.

தராசு கிடைக்காதவர்கள் காலண்டரில் கோடு போட்டுக்கொள்ளலாம். முதல் 5 மி.லி. பாட்டில் எத்தனை தடவைக்கு வந்தது என்று எண்ணி, 5-ஐ அதனால் வகுத்தால் தடவைக்கு எவ்வளவு என்று கிடைக்கும். ஆனால் விடை தெரிவதற்குள் முதல் பாட்டில் தீர்ந்திருக்கும். இரண்டாவது பாட்டிலுக்குத்தான் உதவும்.

எடை சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. நாட்டமைசின் தண்ணீரில் கரையாது. வெள்ளைப் பொடியாக மிதக்கும் மருந்து. வைத்தால் அடியில் படியும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்காமல் போட்டால், மி.லி. சரியாகப் போனாலும் மருந்து சரியாகப் போகாது. முதல் சில நாள் வெறும் தெளிவு நீர், கடைசியில் கெட்டிச் சகதி.

<b>பாட்டில் தீர்ந்தால் கோர்ஸ் முடிந்ததா?</b>

இதே கணக்கு வேறு மாதிரி கவிழ்க்கும் இடம் கண்புரை ஆபரேஷன். அதன் பிறகு பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் போடச் சொல்வார்கள். பரவலாக எழுதப்படும் ஒரு முறை: முதல் வாரம் நாளைக்கு 6 தடவை, அடுத்த வாரம் 5, பிறகு 4, 3, 2, 1. ஆறு வாரம். மொத்தம் 147 சொட்டு. மி.லி.க்கு 25 சொட்டு என்றால் 5 மி.லி. பாட்டிலில் 125 சொட்டு. முதல் நாலு வாரத்துக்குத் தேவையானது 126. அதாவது நாலாவது வாரக் கடைசி நாளில் பாட்டில் காலியாகும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? "மருந்து முடிஞ்சிருச்சு, கோர்ஸும் முடிஞ்சிருச்சு." இன்னும் இரண்டு வாரம் பாக்கி. நாளைக்கு மூன்றிலிருந்து நேரே பூஜ்யத்துக்கு வந்தால், அடங்கிக்கொண்டிருந்த அழற்சி திரும்பக் கிளம்பலாம்; சிவப்பு, வலி, கூச்சம் என்று மறுபடி ஆஸ்பத்திரி.

சொட்டு சிறிதாக விழும் பாட்டிலென்றால் மருந்து மிஞ்சியிருக்கும். அப்போதும் ஒரு தடை உண்டு. பெரும்பாலான கண் மருந்து பாட்டில்களில் திறந்த ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தச் சொல்லி அச்சிட்டிருப்பார்கள். ஐந்தாவது, ஆறாவது வாரத்துக்குத் தேவை வெறும் 21 சொட்டு, 1 மி.லி.கூட இல்லை, ஆனாலும் அதற்குப் புது பாட்டில்தான். எனவே கண் மருந்துக்கு இரண்டு கணக்கு: எத்தனை மி.லி. வேண்டும், கோர்ஸ் எத்தனை வாரம் நீள்கிறது. இரண்டில் எது அதிக பாட்டில் கேட்கிறதோ அதையே வாங்க வேண்டும். திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதிவைத்தால் போதும், யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

மிச்சமான பாட்டில் என்ன ஆகும் என்பதில்தான் இந்தப் பக்கத்துக்கான பெரிய ஆபத்து இருக்கிறது. ஆபரேஷனுக்கு வாங்கிய ஸ்டீராய்டு மருந்து அலமாரியில் பாதி பாட்டில் கிடக்கும். ஆறு மாதம் கழித்து அறுப்புக் காலத்தில் வீட்டில் இன்னொருவருக்குக் கண்ணில் உமி விழுந்து சிவக்கும். "அப்பாவுக்குப் போட்ட மருந்து இருக்குல்லா, அதைப் போடு" என்பார்கள். அது பூஞ்சைப் புண்ணாக இருந்தால், ஸ்டீராய்டு முதலில் சிவப்பை அடக்கிக் குணமானதுபோலக் காட்டும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும். கோர்ஸ் முடிந்த அன்றே மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டியது இதனால்தான். பூஞ்சைப் புண்ணுக்குக் கூடவே எழுதப்படும் அட்ரோபின் சொட்டுக்கும் இதே விதி. நாளைக்கு 2 சொட்டு, மூன்று வாரத்துக்கு 42 சொட்டு, 5 மி.லி.யில் பாதிக்கு மேல் மிஞ்சும். சின்னக் குழந்தை வாயில் வைத்தால் விஷம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டில் காலியாகிவிட்டால், இருக்கிற வேறு சொட்டு மருந்தைப் போட்டு இட்டுநிரப்ப வேண்டாம். சிகிச்சை பார்த்த மருத்துவமனைக்குப் போன் செய்து, சீட்டில் உள்ள மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் சொல்லி, அதே மருந்தை எங்கே வாங்கலாம் என்று கேட்க வேண்டும். வேறு கம்பெனி பாட்டில் கிடைத்தால், அதே சதவீதம்தானா, இதைப் போடலாமா என்று அவர்களிடமே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் அந்த பாட்டிலின் முனை வேறு, சொட்டு வேறு. முதல் நாள் எடையை மறுபடி போட வேண்டும்.